ஐந்தரை வாரம் என்று எழுதியிருந்தது

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். வீட்டில் எல்லோரும் அதைக் கேலி செய்து பழகிவிட்டார்கள். நோயாளிகள் கேலி செய்வதில்லை, பயப்படுகிறார்கள். மனநல மருத்துவருக்கு இருக்கக் கூடாத குணம் இது என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? இருபத்தாறு வருஷமாகக் கொல்கத்தாவில் இதே வேலை, இதே வாய்.

லேக் மார்க்கெட் பக்கத்துச் சந்து ஒன்றில், ஒரு தர்ம ஸ்தாபனத்தின் மாடியில் மத்தியானம் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்க்கிறேன். கீழே காய்கறிக் கூடைகளும் சாம்பார்ப்பொடி வாசனையும். மேலே ஒரு மேஜை, ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஊசி போடுகிற கட்டில். அங்கே எனக்குத் துணை ஒரு வங்காள நர்ஸ். எல்லோரும் அவளை தீதி, அதாவது அக்கா, என்பார்கள், நானும்தான். ஊசி நோயாளிகளுக்கென்று தீதி ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். யாருக்கு எந்தத் தேதி, எந்தத் தோள் என்று எல்லாம் அதில் இருக்கும். நோயாளியின் கையிலும் ஓர் அட்டை கொடுப்போம். இந்த வட்டாரத்தில் தமிழ் பேசுகிற மனநல மருத்துவர்கள் அதிகம் இல்லை என்பதால் தமிழ்க் குடும்பங்கள் என்னைத் தேடி வருவதுண்டு.

அப்படித்தான் அந்தக் கணவனும் மனைவியும் வந்தார்கள். அவருக்கு வங்கியில் அதிகாரி வேலை. அவளுக்கு முப்பத்து நாலு வயது. சால்ட் லேக் ஃப்ளாட்டில் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புக் குழந்தைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுத்தாள். இரண்டு பேரின் குடும்பமும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே நாலு தலைமுறை ஆகிவிட்டது. வீட்டில் அந்தப் பழைய தமிழ், வெளியே சுத்தமான வங்காளம்.

அவளுக்கு ஸ்கிசோஃப்ரீனியா. மாத்திரை சாப்பிட்டால் நன்றாக இருப்பாள். நிறுத்தினால் ஒன்றிரண்டு மாதத்தில் லிஃப்ட்டுக்குள் ஆட்கள் அவளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். மூன்று முறை நிறுத்தினாள், மூன்று முறையும் நோயில் விழுந்தாள். மூன்றாவது முறை வேறொரு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அங்கே இரண்டு நாள் கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டி வைத்தார்களாம். அந்தத் துணியில் பச்சைக் கோடு போட்டிருந்தது என்பதைக்கூட அவள் மறக்கவில்லை.

முதல் நாளே அவர் அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் தனியாகப் பேசினார்.

"டாக்டர், மாசத்துக்கு ஒரு ஊசி இருக்காமே. சத்து ஊசின்னு சொல்லிப் போட்டுடுங்கோ. அவளுக்குத் தெரிய வேண்டாம்."

"தெரியாம நான் தண்ணிகூடப் போட மாட்டேன். அவங்களைக் கூப்பிடுங்க."

கொஞ்சம் கத்தித்தான் சொன்னேன். அந்தக் கத்தலுக்காக இன்றுவரை எனக்கு வருத்தமில்லை. வருத்தப்பட வேண்டிய கத்தல் வேறு.

இந்த ஊசியை யாருக்குக் கொடுக்கலாம் என்பதில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. சொன்ன பேச்சைக் கேட்காதவர்களுக்கான தண்டனை இல்லை அது. மருந்து கேட்கிறது, ஆனால் தினமும் விழுங்குவதுதான் நடக்கவில்லை என்பவர்களுக்கு அது பொருந்தும். மாத்திரையைப் பார்த்தாலே நோய் நினைவு வருகிறது, மாதம் ஒரு தடவை போதும் என்று தாங்களாகவே கேட்பவர்களுக்கும் பொருந்தும். ஆனால் அதே மருந்தை முதலில் மாத்திரையாகச் சாப்பிட்டு உடம்பு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்க்காமல் ஊசியைத் தொட மாட்டேன். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் போட மாட்டேன். இவளுக்கு ரிஸ்பெரிடோன் மாத்திரை நன்றாக வேலை செய்தது, பெரிய தொந்தரவும் இல்லை. அந்த மருந்தின் நெருங்கிய உறவான மாதாந்திர ஊசி அவளுக்குப் பொருத்தம் என்று எனக்கே தோன்றியிருந்தது.

அவள் உள்ளே வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். இது தூக்க ஊசி இல்லை. நோயை ஒரேயடியாகத் தீர்க்கிற ஊசியும் இல்லை. மருந்து தசைக்குள் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் இறங்கும். முதல் ஊசி ஒரு தோளில், ஒரு வாரம் கழித்து இன்னொன்று மறு தோளில், அப்புறம் மாதம் ஒன்று. எடை கூடலாம். மாதவிலக்கு தள்ளிப் போகலாம், நின்றும் போகலாம். கை கால் விறைக்கலாம், ஒரு இடத்தில் உட்கார முடியாமல் தவிக்கலாம். எது வந்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கணக்கு டீச்சர் இல்லையா, சரியான இடத்தில் கேட்டாள்.

"ஒத்துக்கலைன்னா வெளியில எடுத்துட முடியுமா டாக்டர் மாமி?"

"முடியாது. போட்டா போட்டதுதான், தானாக் குறையிற வரைக்கும் காத்திருக்கணும். அதனாலதான் முதல்ல மாத்திரையாக் குடுத்துப் பார்த்தோம்."

"ஒரு மாசம் போடாம விட்டா?"

"உடனே ஒண்ணும் தெரியாது. அதுதான் இதுல ஆபத்து. நல்லாத்தானே இருக்கோம்னு தோணும். உள்ளுக்குள்ள மருந்து வத்திக்கிட்டே இருக்கும்."

யோசித்தாள். அப்புறம் கணவர் இருப்பதையே மறந்தவளைப் போல என்னிடம் மட்டும் பேசினாள். தினமும் காலையில் அவர் மாத்திரையைக் கொடுத்துவிட்டு வாயைத் திற, நாக்கைத் தூக்கு என்று டார்ச் அடித்துப் பார்க்கிறாராம். ட்யூஷன் குழந்தை ஒன்று அதைப் பார்த்துவிட்டதாம்.

"இந்த ஊசி போட்டா அது நின்னுடுமா?"

"நின்னுடும். நிக்கணும்," என்று அவரையும் பார்த்துச் சொன்னேன்.

"அந்த வார்டுக்கு மறுபடி போக மாட்டேனே?"

இந்தக் கேள்விக்கு நான் நிதானமாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். வாய்ப்புக் குறையும் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது அது வாயில் வரவில்லை. "தேதி தவறாம வந்தா, போக வேண்டியிருக்காது," என்றேன். அவள் அதை வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டாள். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தன் தோளைத் தானே திறந்து காட்டினாள்.

ஒன்றரை வருஷம் ஒரு தேதிகூடத் தவறவில்லை. எடை நாலு கிலோ கூடியது, அதற்காக என்னிடம் சண்டை போட்டாள். சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறாளே என்று சந்தோஷப்பட்டேன். ட்யூஷனுக்குப் பதினோரு குழந்தைகள் வந்தார்கள்.

இப்போது என் கத்தலுக்கு வருகிறேன்.

அந்த வருஷம் ஆகஸ்ட் கடைசியில் ஒரு பெரியவர், மாத ஊசி போடுகிற தன் மகனைக் கூட்டிக்கொண்டு ஏழாவது வாரத்தில் வந்தார். கனிங் பக்கத்திலிருந்து ரயில் பிடித்து வருகிறவர். மழை, தண்ணீர், ரயில் ஓடவில்லை என்றார். நான் எல்லோர் முன்னாலும் அவரைப் பிடித்துக் கத்தினேன். "இப்படி இஷ்டத்துக்கு வர்றதா இருந்தா இங்க வராதீங்க. எனக்கு எவ்வளவு வேலை இருக்கு தெரியுமா?" என்று வங்காளத்தில் மூச்சுவிடாமல் திட்டினேன். பெரியவர் கை கூப்பினார். அப்புறம் வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வெட்கத்தைக் காட்டிக்கொள்ள நேரம் இருக்கவில்லை. தங்கள் முறைக்காக அந்தத் தமிழ்த் தம்பதி பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று அவளுக்கு ஊசி போட்டு அனுப்பினோம்.

செப்டம்பர் கடைசியில் அவர் தங்கைக்குக் கும்பகோணத்தில் கல்யாணம். பூஜை விடுமுறையையும் சேர்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஊரில் இருப்போம் என்றார். அங்கேயே யாராவது டாக்டரிடம் போட்டுக்கொள்ளலாம் என்று கடிதம் எழுதிக் கொடுத்தேன். தேதி தாண்டியதும் தீதி வழக்கம்போல ஃபோன் செய்தாள். "இங்கேயே போட்டாச்சு," என்று அவர் சொன்னார். தீதி நோட்டில் குறித்துக்கொண்டாள்.

நவம்பர் முதல் வாரத்தில் வந்தார்கள். மேஜையில் அட்டையை வைத்தார். கும்பகோணத்தில் ஊசி போட்ட தேதி, பக்கத்தில் யாரோ ஒருவரின் கிறுக்கல் கையெழுத்து. எண்ணிப் பார்த்தேன், ஐந்தரை வாரம்.

"லேட்டாயிடுச்சே."

"டிக்கெட் கிடைக்கலை டாக்டர். மன்னிச்சுக்கணும்."

"ஊசி போட்டப்ப ஏதாவது தொந்தரவு?"

"ஒண்ணுமில்லை. நன்னா இருக்கா."

இந்த ஊசியில் ஆறு வாரம்வரை தாமதமானால் பெரிய பாதகம் இல்லை, உடனே ஒன்று போட்டுவிட்டு வழக்கம்போலத் தொடரலாம். ஆறு வாரத்தைத் தாண்டி ஆறு மாதத்துக்குள் என்றால் ஒன்று போதாது. அதே அளவில் தோளில் ஒன்று, ஒரு வாரம் கழித்து மறுபடி தோளில் ஒன்று, அப்புறம்தான் மாதக் கணக்கு. ஆறு மாதமும் தாண்டிவிட்டால் புதிய நோயாளிக்குச் செய்வதைப் போல முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஐந்தரை வாரம் என்றால் ஒன்று போதும். போட்டேன், அடுத்த மாதத் தேதியைக் குறித்தேன், அனுப்பிவிட்டேன். அன்று வெளியே நாற்பது பேர் இருந்தார்கள்.

பத்து நாளில் அவர் ஃபோன் செய்தார். தூங்குவதில்லை, ட்யூஷன் குழந்தைகளைத் திருப்பி அனுப்பிவிட்டாள், லிஃப்ட்டில் ஏற மாட்டேன் என்று எட்டு மாடியும் படியில் ஏறி இறங்குகிறாள் என்றார். வரச் சொன்னேன். அவள் முகம் இறுகிப் போயிருந்தது. கண் என்னைத் தாண்டிச் சுவரில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. வாயைத் திறக்கவே இல்லை.

மாத்திரையையும் கூடச் சேர்த்தேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே திகைப்பு. ஒரு ஊசிகூடத் தவறாமல் இப்படி ஆகிறது என்றால் மருந்தே கை கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். அடுத்தது க்ளோஸபின்தான். வாரா வாரம் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டிய மருந்து. அதைப் பற்றி அவரிடம் பேசினேன். அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, "இந்த ஊசி இவங்களுக்கு வேலை செய்யலை போலிருக்கு," என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். துக்கம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அவள் வீட்டில் இல்லை.

அவர் ஃபோனில் அழுதார். மத்தியான க்ளினிக்கைப் பார்த்துக்கொள்ளும்படி தீதியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர் சால்ட் லேக்கில் தேடினார், நான் ஒரு டாக்ஸியில் எங்கே போவது என்று தெரியாமல் சுற்றினேன். அவளுக்குப் பிடித்த கடை, அவள் போகிற கோயில் என்று ஒவ்வோர் இடமாகப் போய் ஃபோனில் இருந்த படத்தைக் காட்டினேன். எல்லோரும் இல்லை என்று தலையாட்டினார்கள்.  பிற்பகல் மூன்று மணிக்கு கரியாஹாட்டிலிருந்து ஒரு போலீஸ்காரர் அவருக்கு ஃபோன் செய்தார். சிக்னலுக்கு நடுவில் காதைப் பொத்திக்கொண்டு இறங்கியிருக்கிறாள். ஆட்டோ ஒன்று பிரேக் பிடித்தும் நிற்கவில்லை. வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்துவிட்டது.

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு வராந்தாவில் அவரைப் பார்த்தேன். சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். 

"டாக்டர், கும்பகோணத்துல போடலை."

எனக்குப் புரியவில்லை.

"ஊசி போடவே இல்லை. எங்காத்துல அவளுக்கு இப்படின்னு யாருக்கும் தெரியாது. அங்க மனநல டாக்டர் வாசல்ல போய் நின்னாலே ஊருக்கே தெரிஞ்சுடும், மாப்பிள்ளை வீட்டுக்காரா எல்லாம் வந்திருந்தா. ஒரு மாசம்தானேன்னு விட்டேன். அவ நன்னாத்தான் இருந்தா டாக்டர், கல்யாணத்துல கோலம்கூடப் போட்டா."

"அட்டையில?"

"நான்தான் போட்டேன்." ஆயிரம் பேர் கையெழுத்தைச் சரிபார்க்கிற வேலை அவருக்கு. "அந்தப் பெரியவரைப் பார்த்துக் கத்தினேளே. இங்க வராதேன்னு சொன்னேளே. எங்களையும் விரட்டிட்டா நான் இவளை எங்க கொண்டு போவேன்?"

அவரை அறைய வேண்டும் போலிருந்தது. என்னையும்தான். ஐந்தரை வாரம் இல்லை, ஒன்பதரை வாரம். அன்று போட்டதற்கு ஒரு வாரம் கழித்து இரண்டாவது ஊசியையும் போட்டிருக்க வேண்டும், ஒன்றோடு விட்டுவிட்டேன். மருந்து தோற்றதே இல்லை. அந்தப் பெரியவர் தாமதமாக வந்தார், ஆனால் உண்மையைச் சொன்னார். அவருக்கு நான் கொடுத்த மரியாதையைப் பார்த்துத்தான் இவர் பொய் சொல்லக் கற்றுக்கொண்டார். வராந்தாவில் நின்று அழுதேன். ஒரு ஆயா எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

மாவுக்கட்டுப் போட்ட மறுநாளே அவள் அதைப் பிய்த்துக்கொண்டு இறங்கப் பார்த்தாள். எலும்பு வார்டில் வைத்துக்கொள்ள முடியாது என்றார்கள். மனநல வார்டுக்கு மாற்றினார்கள். எந்த இடத்துக்கு மறுபடி போக வேண்டியிருக்காது என்று நான் சொன்னேனோ, அந்த இடம். மருத்துவமனைதான் வேறு, கட்டில்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான். கையைக் கட்டக் கூடாது என்று அங்கிருந்த டாக்டரிடம் கெஞ்சினேன். நல்ல பையன், கட்டவில்லை. விட்டுப்போன இரண்டாவது ஊசியை இப்போதாவது போட வேண்டும், நிலை திரும்பும்வரை மாத்திரையும் இருக்கட்டும், க்ளோஸபின் பேச்சை இப்போது எடுக்க வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தோம். ஆனால் அவள் சரி என்று சொல்ல வேண்டும்.

இரண்டு வாரம் மாத்திரையில் அவள் கொஞ்சம் தெளிந்தாள். சாப்பிட்டாள், தூங்கினாள், நர்ஸ்களிடம் வங்காளத்தில் பேசினாள். என்னிடம் பேசவில்லை. தினமும் க்ளினிக் முடிந்து போனேன். அவள் தெளிந்த பிறகு ஒரு நாள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன், தவறு எங்கே என்று சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். ஊசி போட்டுக்கொள்கிறாயா என்று கேட்டேன். "வேண்டாம்," என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மறுநாளும் அதே. அதற்கடுத்த நாளும்.

நாலாம் நாள் அவளே என் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர் மாமி, ஊர்லேர்ந்து வந்த அன்னிக்கு நான் உங்க முன்னாடிதானே உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியாதா என் தோள்ல ஊசி போட்டாளா இல்லையான்னு? நீங்க அவரைத்தான் கேட்டேள். என்னைக் கேட்கவே இல்லையே."

 எத்தனையோ பொய்களைச் சொல்லியிருக்கலாம். கூட்டம் அதிகம் என்று சொல்லலாம், அட்டையில் இருந்தது என்று சொல்லலாம்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

"சொல்லியிருப்பேன். அவர் சொல்லாதேன்னுதான் சொன்னார். ஆனா நீங்க கேட்டா சொல்லணும்னு நெனச்சுண்டே உட்கார்ந்திருந்தேன்."

"எனக்கு உன்னைக் கேட்கணும்னே தோணலைம்மா," என்றேன். "உன் வீட்டுக்காரரைக் கேட்டாப் போதும்னு இருந்துட்டேன்."

கையெழுத்து வாங்கிய அன்று அவளிடம்தான் எல்லாம் கேட்டேன். அவள் நோயாளி என்பதை அன்று மறந்திருந்தேன் போலிருக்கிறது. அப்புறம் ஒன்றரை வருஷத்தில் எப்போது அது எனக்கு நினைவு வந்தது என்று தெரியவில்லை.

 அவள் முகத்தில் கோபம் இருந்தது, நியாயமான கோபம். மாவுக்கட்டுக் காலை மெல்ல நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"போட்டுக்கிறியா?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு வேண்டாம்," என்றாள்.

சரி என்று எழுந்தேன். நாளைக்கும் போய்க் கேட்க வேண்டும்.